பிழை திருத்தலும் நடை காத்தலும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியச் சொற்பொழிவு ஆற்றும் தகுதி எனக்கு இல்லை. பள்ளியிறுதித் தேர்வில் தேறி, ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான். பார்சல் அலுவலகத்தில் வே பில்லையும் மூட்டையையும் ஒத்துப் பார்ப்பதே என் தொழில். ஆயினும் செயலாளர் அவர்கள் என்னை இம்மேடையில் ஏற்றியதற்குக் காரணம் உண்டு. நம் காலனியில் மகன் வீட்டில் வாழும் பெரியவர் ஒருவர், நீராவி இஞ்சின் ஓட்டுநராகத் தாம் வாழ்ந்த வாழ்வை ஆறு நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார். அதனைச் சங்கத்தின் வெளியீடாகக் கொண்டுவரும் பொருட்டுப் பிழை திருத்தும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓராண்டுக் காலம் அந்நூலோடு வாழ்ந்தேன். அப்பணி எவ்வாறு நடந்தது என்பதைச் சொன்னால், இனி இத்தகைய பணியில் கை வைப்பவர்களுக்குப் பயன்படும் என்று செயலாளர் அவர்கள் கருதினார்கள்.

பணி என்னிடம் வருவதற்கு முன்பு நிகழ்ந்த ஒன்றை முதலில் கூற வேண்டும். பட்டம் பெற்ற அன்பர் ஒருவர் முதல் அத்தியாயத்தை முன்பே திருத்திக் கொடுத்திருந்தார். நல்ல தமிழறிவு உடையவர், நல்லெண்ணத்தோடுதான் செய்தார். "அன்றைக்கு மழை என்றால் மழை, அப்படி ஒரு மழை" என்று பெரியவர் எழுதியிருந்தது, "அன்றிரவு பெருமழை பொழிந்தது" என்று மாறியிருந்தது. இஞ்சின் 'பொறி' ஆயிற்று. பயர்மேன் 'தீ வளர்ப்போன்' ஆனார். பெரியவருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. ஆகையால் பேத்தி அதைப் படித்துக் காட்டினாள். இரண்டு பக்கம் கேட்ட பின், "நன்றாகத்தான் இருக்கிறது அம்மா, ஆனால் இதை எழுதியது யார்?" என்று கேட்டாராம். மறுநாளே நோட்டுப் புத்தகங்களைத் திரும்ப வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். எட்டு மாதம் அப்பெட்டி திறக்கப்படவில்லை. வயது எண்பதைக் கடந்தவர். அந்த எட்டு மாதம் எட்டு ஆண்டாகியிருந்தால் நூலே இல்லை.

அந்த அத்தியாயத்தில் எழுத்துப்பிழை ஒன்றுகூட எஞ்சியிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே என் முன் நின்ற கேள்வி, பிழையை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதன்று. எதைப் பிழை என்பது, எதைப் பெரியவரின் பேச்சு என்பது என்பதே. இரண்டையும் பிரிக்கத் தெரியாதவன் கையில் சிவப்பு மை ஆபத்தான பொருள்.

பெரியவர் மீண்டும் இசைந்த பின், நோட்டுப் புத்தகங்களைக் கணினியில் ஏற்றும் வேலையைக் காலனி இளைஞர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். இங்கேயே பிறந்து, பாட்டியிடமும் நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலும் தமிழ் படித்த பிள்ளை. முதல் இடையூறு எழுத்திலேயே வந்தது. 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்ததை மூத்தவர்கள் அறிவீர்கள். அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தும்பிக்கை போட்ட வடிவம் இருந்தது; ணா, றா, னா ஆகியவையும், அவற்றின் ஒகர ஓகார வரிசைகளும் கால் இல்லாமல் வளைத்து எழுதப்பட்டன. பெரியவரின் கை அந்தப் பழைய வடிவங்களிலேயே ஓடியிருந்தது. தம்பிக்கு அவை புதிர். 'வேலை' சில இடங்களில் 'வேல' என்றும், 'நினைத்தேன்' 'நினத்தேன்' என்றும் வந்தன. பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவையும் புதிய வடிவையும் ஓர் அட்டையில் எழுதி அவர் மேசைமேல் வைத்ததும் இந்தத் தொல்லை தீர்ந்தது. இத்தகைய பிழை ஆசிரியருடையதன்று, படி எடுத்தவருடையது. கையெழுத்தைப் பார்த்துத் தயங்காமல் திருத்திவிடலாம்.

தயங்க வேண்டியவை இனித்தான் வருகின்றன. முதல் முறை பேனாவைத் தொடாமலே நூல் முழுவதையும் படித்தேன். திருத்த வேண்டும் என்று விரல் துடிக்கும். துடித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் எவ்வாறு பேசுகிறார் என்று தெரியுமுன் அவர் வாக்கியத்தில் கை வைப்பது முறையன்று. அந்த முதல் வாசிப்பில் எனக்குச் சில செய்திகள் தெரிந்தன. பெரியவர் ஒரு சொல்லை இரண்டு, மூன்று முறை அடுக்கிச் சொல்லுவார். 'தான்' என்னும் சொல்லை வாக்கியத்தின் உயிர்நாடியில் வைப்பார். கார்டை 'அவர்' என்பார். தம்மோடு கரி அள்ளிய பயர்மேனை 'அவன்' என்பார். அதில் இழிவு இல்லை, உறவுதான் உண்டு. 'முன்பு' என்று எழுதமாட்டார், 'முன்னாடி' என்றுதான் எழுதுவார். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, 'தொடக் கூடாதவை' என்று தலைப்பிட்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு காட்டினால் விளங்கும். நோட்டில் இருந்தவாறே தட்டச்சாகி வந்தது இது:

"அன்றைக்கு மழை என்றால் மழை, அப்படி ஒரு மழை. இஞ்சின் முன்னாடி விளக்கு வெளிச்சம் பத்தடி கூட போகவில்லை. கார்டு பச்சை லாந்தர் காட்டினார். பயர்மேன் கறியை வாரி போட்டு கொண்டே இருந்தான். அடுத்த ஸ்டேஷனில் எண்ணை கேனை கையில் பிடித்து கொண்டு இறங்கி பெட்டியை தடவி பார்த்தேன். சூடு இல்லை. அப்போது தான் எனக்கு உயிர் வந்தது."

இதில் பெட்டி என்பது பயணிகள் பெட்டியன்று. சக்கரத்தின் அச்சுமுனை சுழலும் இரும்புப் பெட்டி. எண்ணெய் குறைந்தால் அது காயும். ஓட்டுநர் ஸ்டேஷன்தோறும் இறங்கிப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது வழக்கம்.

பத்தியில் பெரும்பாலான பிழைகள் ஒற்று விடுபட்டவை. 'கூடப் போகவில்லை', 'வாரிப் போட்டுக்கொண்டே', 'கேனைக் கையில் பிடித்துக்கொண்டு', 'இறங்கிப் பெட்டியைத் தடவிப் பார்த்தேன்' என்று திருத்தினேன். 'அப்போது தான்' என்பதைச் சேர்த்து 'அப்போதுதான்' ஆக்கினேன். 'பத்தடி கூட' என்பதையும் அவ்வாறே சேர்த்தேன். 'எண்ணை' 'எண்ணெய்' ஆயிற்று. 'கறி' 'கரி' ஆயிற்று. அவ்வளவுதான். மழை மூன்று முறை பெய்ததை நிறுத்தவில்லை. 'முன்னாடி' அப்படியே நின்றது. 'உயிர் வந்தது' என்பதை 'நிம்மதியடைந்தேன்' ஆக்கவில்லை. திருத்திய பத்தியை உரக்கப் படித்தால் காதுக்கு முன்போலவே இருக்கிறது. ஏனெனில், நாம் சேர்த்த ஒற்றுகள் பேசும்போது வாயில் தாமாகவே வருபவை. பெரியவர் பேசும்போதும் அவற்றைச் சொல்லியே பேசுகிறார், எழுதும்போது விட்டுவிட்டார். ஒற்றைச் சேர்ப்பதால் குரல் மாறுவதில்லை என்று நான் துணிந்தது இதனால்தான்.

ஆனால் சேர்க்க வேண்டாத இடத்தில் சேர்ப்பதும் பிழையே. மேற்படி பத்தியில் 'பச்சை லாந்தர் காட்டினார்' என்றிருப்பதை ஒருவர் 'லாந்தர்க் காட்டினார்' என்று திருத்த முயன்றார். 'லாந்தரைக் காட்டினார்' என்று ஐ உருபு வெளிப்பட்டு நின்றால் ஒற்று மிகும். உருபு மறைந்து நிற்கும் இவ்விடத்தில் மிகாது. 'தமிழ் கற்றான்' என்பது போல. பள்ளியில் படித்த இலக்கணந்தான். எனினும் மிகும் இடங்களையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மிகாத இடங்களை மறந்துவிடுகிறோம்.

ஒற்று ஏதோ அலங்காரம் என்று நினைப்பவர்கள் இருந்தால், நான்காம் அத்தியாயத்தில் வந்த ஒரு வரியைக் கேளுங்கள். 'பாயிண்ட்ஸ்மேன் கத்தி கொண்டு ஓடி வந்தார்.' படித்தவுடன் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாயிண்ட்ஸ்மேனுக்கும் ஓட்டுநருக்கும் என்ன பகை? கையெழுத்திலும் அவ்வாறே இருந்தது. முன்னும் பின்னும் படித்தால், தண்டவாளத்தில் மாடு நிற்பதைக் கண்டு கூவிக்கொண்டு வந்திருக்கிறார் அந்த மனிதர். 'கத்திக்கொண்டு' என்று ஒரு ககர ஒற்றைச் சேர்த்தவுடன் கையிலிருந்த ஆயுதம் மறைந்தது.

'கறி'யைப் பற்றியும் ஒரு சொல். கணினியில் பிழை திருத்தும் வசதி இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று இளைஞர்கள் கேட்டார்கள். அகராதியில் இல்லாத சொல்லை அது காட்டும். ஆனால் கறி என்பதும் ஒரு சொல். கரி என்பதும் ஒரு சொல். பயர்மேன் அடுப்பில் கறியை வாரிப் போட்டாலும் அதற்கு உறுத்தாது. 'இஞ்சினில் ஏரி உட்கார்ந்தேன்', 'அறை மணி நேரம் நின்றோம்' என்பவையும் அவ்வாறே தப்பிவிட்டன. ரகர றகரமும், லகர ளகர ழகரமும், மூன்று வகை னகரமும் மாறிய இடங்களில் பெரும்பாலும் வேறொரு நல்ல சொல் பிறந்துவிடுகிறது. இதைப் பொருள் உணர்ந்து படிக்கும் கண் ஒன்றே பிடிக்கும். அந்தக் கண்ணும் ஓர் இரவில் எட்டுப் பக்கத்துக்கு மேல் பார்த்தால் சோர்ந்துபோகிறது. எட்டுப் பக்கம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்து, ஒருமைப்பாடு. நீண்ட நூலில் ஒரே சொல் பல உடைகளில் வரும். இஞ்சின், எஞ்சின், என்ஜின் என மூன்றும் இந்நூலில் இருந்தன. ரயில், ரெயில், இரயில் என்பனவும் அப்படியே. கோயிலும் கோவிலும் கலந்து வந்தன. நாட்களும் நாள்களும் கலந்து வந்தன. இவற்றுள் எதுவும் பிழை என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் ஒரே பக்கத்தில் இரண்டு வடிவம் வந்தால் வாசகர் மனம் தடுக்குகிறது.

இதற்காக ஒரு தனி நோட்டு வைத்தேன். அகர வரிசையில் பக்கங்களைப் பிரித்து, ஐயத்திற்குரிய சொல் வந்ததும் அதன் வடிவங்களையும் வந்த பக்க எண்ணையும் குறிப்பேன். நூல் முழுவதும் படித்து முடியும்வரை தீர்ப்பு எழுதுவதில்லை. முடிந்த பின், ஆசிரியர் எதைப் பெரும்பான்மையாக எழுதியிருக்கிறாரோ அதுவே தீர்ப்பு. எனக்குப் பிடித்தது அன்று. எனக்கு 'கோயில்' பிடிக்கும். பெரியவர் பெரும்பாலும் 'கோவில்' என்று எழுதியிருந்தார். நூல் முழுவதும் கோவில் நின்றது. இஞ்சின் மிகப் பெரும்பான்மை பெற்றது. ஷெட்டில் வேலை செய்தவர்கள் வாயில் வருவதும் அதுதான். சொல் உண்மையிலேயே பிழையா, வழக்கில் உள்ள மாற்று வடிவமா என்று ஐயம் வந்தால், சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனையும், 1992-இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும் பார்ப்பேன். 'சுவற்றில்' என்று பெரியவர் எல்லா இடத்திலும் எழுதியிருந்தார். பெரும்பான்மை என்பதற்காக அதை விட்டுவிடவில்லை. 'கிணறு' என்பது 'கிணற்றில்' ஆகும்; 'சுவர்' அவ்வாறு ஆகாது; 'சுவரில்' என்பதே சரி. பெரும்பான்மை என்னும் அளவுகோல் இரண்டும் சரியான சொற்களுக்கு மட்டுமே உரியது.

ஒருமைப்பாட்டுக்கும் எல்லை உண்டு. பெரியவரின் தாயார் பேசும் இடங்களில் 'டேசன்' என்றும் 'ரயிலு' என்றும் வருகின்றன. ஆசிரியர் தாமாகக் கூறும் இடங்களில் 'ஸ்டேஷன்', 'ரயில்'. இரண்டையும் ஒன்றாக்கினால், ஒன்று தாயார் பள்ளிக்கூடம் போய்விடுவார். அல்லது மகன் ஓட்டுநர் உத்தியோகத்தை விட்டுவிடுவார். ஆகவே, தாயார் பேச்சுக்குள் தாயார் சொற்கள் ஒரே சீராக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தேன். ஓர் இடத்தில் 'டேசன்', வேறோர் இடத்தில் 'டேஷன்' என்று வந்ததைப் பேத்தியிடம் கேட்டு 'டேசன்' ஆக்கினேன். உரையாடலில் ஒற்றையும் இலக்கண நூலைக் கொண்டு சேர்க்கவில்லை; வாயால் சொல்லிப் பார்த்து, வந்தால் சேர்த்தேன்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். முதற் பகுதி முழுவதும் 'மதராஸ்' என்று வருகிறது. கடைசி இரண்டு அத்தியாயங்களில் 'சென்னை' என்று வருகிறது. சங்கத்து நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் சென்னை ஆக்கிவிடலாமே என்றார். நகரின் பெயர் ஆங்கிலத்திலும் சென்னை என்று அதிகாரபூர்வமாக மாறியது 1996-இல். பெரியவர் இளமையில் வண்டி ஏறிப் போனது மதராஸுக்குத்தான். இந்த வேறுபாடு அயர்வால் வந்ததன்று, காலத்தைக் காட்டுவது. 'மதராஸ்' என்பதன் அடியில் புள்ளிகள் இட்டு, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினேன். அச்சகத்தில் அடித்ததை மீண்டும் நிறுத்திவைக்க அடியில் புள்ளி இடுவது பழைய வழக்கம். நான் அடிக்காத சொல்லுக்கும் அதைப் பயன்படுத்தினேன். அடுத்துப் பார்ப்பவர் கை பேனாவை எடுக்குமுன் ஒரு தடை இருக்கட்டும் என்பதே நோக்கம்.

தீர்ப்பு எழுதிய பின் நூல் முழுவதும் மாற்ற வேண்டும். கணினியில் ஒரு சொல்லைத் தேடி, எல்லா இடத்திலும் ஒரே அழுத்தில் மாற்றிவிடலாம். தம்பிக்கு அது மிகவும் பிடித்த வேலை. 'எண்ணை' என்பதையெல்லாம் 'எண்ணெய்' ஆக்க அவர் ஆயத்தமானபோது, "ஒவ்வொன்றாகக் காட்டு, பார்ப்போம்" என்றேன். ஏழாவது இடத்தில் வந்தது: 'லாக் புத்தகத்தில் வண்டி எண்ணை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.' இங்கே எண்ணை என்பது எண் என்னும் சொல்லோடு ஐ உருபு சேர்ந்தது, குற்றமற்ற சொல். ஒரே அழுத்தில் மாற்றியிருந்தால் லாக் புத்தகத்தில் எண்ணெய் கொட்டியிருக்கும். 'கறி'யும் அவ்வாறே, ரன்னிங் ரூமில் சமைத்த ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பைப் பற்றி ஓர் அழகான பக்கம் இருக்கிறது. அன்று முதல் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் மாற்றும் பொத்தானுக்கு எங்கள் வேலையில் இடமில்லை.

தேடுவதிலும் ஒரு வலை உண்டு. 'கௌரவம்' என்ற சொல்லைத் தேடினால் நாலு இடந்தான் கிடைத்தது. நான் குறித்திருந்ததோ பதினோரு பக்கம். காரணம் யாதெனில், ஔகாரக் குறியை இடுவதற்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்த்து 'கெள' என்று பல இடங்களில் அடிக்கப்பட்டிருந்தது. தாளில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கணினிக்கு வேறு வேறு. ஆகவே கண்ணால் கண்ட பக்கக் கணக்கும், தேடிக் கிடைத்த கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பார்சல் அலுவலகத்தில் மூட்டைக் கணக்கை ஒத்துப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் அகப்படாத பிழை ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். நூல் முழுவதும் திருந்திய பின், நானும் பெரியவரின் பேத்தியும் மாலை நேரங்களில் உட்கார்ந்து மூலத்தோடு ஒப்பிட்டோம். அவள் நோட்டுப் புத்தகத்தை உரக்கப் படிப்பாள், நிறுத்தக் குறிகளையும் சேர்த்து. நான் அச்சுத் தாளில் விரல் வைத்துத் தொடர்வேன். பெரியவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். என் தாளில் ஒன்பதாம் அத்தியாயத்தில் இவ்வாறு இருந்தது: 'கைகாட்டி விழுந்தது. வண்டி நிற்காமல் ஓடியது.' நல்ல வாக்கியம். எழுத்துப்பிழை இல்லை, பொருளும் தொடர்கிறது. ஆனால் பேத்தி படித்துக்கொண்டே போனாள். நோட்டில் இருந்தது இது:

"கைகாட்டி விழுந்தது. ரெகுலேட்டரைத் திறந்தேன். அப்பா போய்விட்டதாகத் தந்தி வந்தது பயர்மேனுக்கு அப்போதே தெரியும். வண்டியை ஒப்படைக்கும்வரைக்கும் அவன் சொல்லவே இல்லை. கரியை மட்டும் வாரி வாரிப் போட்டான். அடுத்த ஸ்டேஷனிலும் கைகாட்டி விழுந்தது. வண்டி நிற்காமல் ஓடியது."

'கைகாட்டி விழுந்தது' என்ற தொடர் சில வரிகளுக்குள் இரு முறை வந்திருக்கிறது. தட்டச்சு செய்தவர் முதலாவதை அடித்துவிட்டு மீண்டும் நோட்டைப் பார்த்தபோது, கண் இரண்டாவதில் போய் இறங்கிவிட்டது. இடையில் இருந்த வரிகள் போயின. தம்பியைக் குறை சொல்வதற்கில்லை. படி எடுக்கும் கைகளில் ஏட்டுச் சுவடிக் காலந்தொட்டு நேரும் பிழை இது. நூலின் இதயமே அந்த வரிகளில்தான் இருந்தது என்பது என் எண்ணம். அகராதியும் கணினியும் இலக்கணமும் இதைக் கண்டுபிடிக்கமாட்டா. மூலத்தை ஒருவர் படிக்க, மற்றொருவர் பார்ப்பது ஒன்றே வழி. ஓரிடத்தில் ஒரே சொல்லோ தொடரோ அடுத்தடுத்து வருமானால் அங்கே விரலை நிறுத்தி இரண்டு முறை பார்ப்பது நல்லது. பெரியவரைப் போல அடுக்கிச் சொல்லும் பழக்கமுள்ளவர்கள் நூலில் இந்த ஆபத்து அதிகம்.

பேத்தி அந்தப் பகுதியைப் படித்தபோது பெரியவர் கண்ணைத் திறக்கவில்லை. "ஆமாம், வாரி வாரித்தான் போட்டான்" என்று மட்டும் சொன்னார். 'வாரி வாரி' என்பதில் ஒரு 'வாரி' போதுமே என்று யாருக்கேனும் தோன்றினால், அந்த நாற்காலியின் அருகே ஒரு மாலை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உரக்கப் படித்ததால் மற்றொரு பயனும் கிடைத்தது. நான் திருத்திய இடங்களில் எங்கேனும் அவர் புருவம் நெரிந்தால், பேத்தி அங்கே ஒரு கோடு போடுவாள். அவ்வாறு பத்தொன்பது இடங்கள் வந்தன. பெரும்பாலும் நீண்ட வாக்கியத்தை நான் இரண்டாக வெட்டிய இடங்கள். 'வண்டி நின்றதும் நான் இறங்கி அவரும் இறங்கி என்ன ஏது என்று பார்த்து' என்று மூச்சு விடாமல் ஓடும் வாக்கியங்கள் அவருக்கு இயல்பு. பொருள் மயங்கும் இரண்டு இடங்களை மட்டும், அவர் இசைவோடு வெட்டியே வைத்தோம். மற்றவை பழைய நீளத்துக்கே திரும்பின. வேண்டிய இடத்தில் ஒரு காற்புள்ளி மட்டும் சேர்ந்தது.

எழுத்துக்கும் நடைக்கும் அப்பால், செய்தியில் முரண் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஓர் அத்தியாயத்தில் தாம் பயர்மேனாக உயர்ந்தது 1964 என்றும், மற்றோர் அத்தியாயத்தில் 1965 என்றும் எழுதியிருந்தார். சம்பளம் ஓரிடத்தில் 'முன்னூறு' என்று இருந்தது. முந்நூறு என்பதே எண். முன்னூறு என்றால் முன்னே உள்ள நூறு. அது எழுத்துப்பிழை, நானே திருத்தினேன். ஆண்டை நான் திருத்த முடியாது. அத்தகையவற்றுக்கு ஒரு தனித் தாள்: பக்க எண், உள்ளவாறு இரு வரிகள், எதிரே ஒரு கேள்வி. விடைக்கு இடம் காலியாக இருக்கும். மொத்தம் முப்பத்திரண்டு கேள்விகள் ஆயின. பெரியவர் தம் பழைய சர்வீஸ் தாள்களை எடுத்துவரச் சொல்லி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பத்தொன்றுக்கு விடை சொல்லிவிட்டார். ஆண்டு 1965 என்று தீர்ந்தது.

பிறகு அச்சகத்துப் புரூப் வந்தது. திருத்தங்கள் ஏறியிருக்கின்றனவா என்று பார்ப்பதோடு, திருத்திய வரியின் மேல்வரியையும் கீழ்வரியையும் பார்க்க வேண்டும். ஒன்றைச் சரி செய்யும்போது பக்கத்தில் ஒன்று கெடுவது அங்கே வழக்கம். வரி முடிவில் சொல் உடையும் இடங்களையும் பார்த்தோம். மெய்யெழுத்து அடுத்த வரியின் முதலில் வந்து நிற்கக் கூடாது. பொருளடக்கத்துப் பக்க எண்களைக் கடைசியாக, எல்லாம் முடிந்த பின்புதான் ஒத்துப் பார்த்தோம்.

விடை பெறாமல் நின்ற அந்த முப்பத்திரண்டாவது கேள்வி, அந்தப் பயர்மேனின் பெயரைப் பற்றியது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பெயர். ஒன்பதாம் அத்தியாயத்தில் வேறு பெயர். ஒரே மனிதர்தானா, இருவரா என்று கேட்டிருந்தேன். பெரியவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். முன்னது ரிஜிஸ்தரில் இருந்த பெயர் என்றும், பின்னது அவன் தாயார் அவனை அழைத்த பெயர் என்றும், அந்தத் தந்தி இரவுக்குப் பின் தாமும் அப்படியே அழைக்கத் தொடங்கிவிட்டதாகவும் சொன்னார். ஒன்றாக்கிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இரண்டு பெயருக்கும் அடியில் புள்ளி இட்டு, 'இருக்கட்டும்' என்று எழுதினேன். நூல் வாயில் மேசையில் இருக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் பார்க்கலாம்.